ஓ.டி.யும் ஓடியும்: கட்டுரை காதுக்கு வரும் வழி

பூந்தமல்லியில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு டீச்சர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சிறுவயதிலிருந்தே பார்வை இல்லை. வார இதழ்களைக் கணினி வாசிக்கக் கேட்டே படிப்பவர். அம்பத்தூரைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்றைக் கணினிக் குரலில் பதிவு செய்து, ஒரு சனிக்கிழமை மாலை அவரிடம் போட்டுக் காட்டினேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் டீச்சர் கையை உயர்த்தினார்.

“நிறுத்து தம்பி. அம்பத்தூர் ஓடி எங்கே போச்சு?”

திரும்பப் போட்டுக் கேட்டேன். “அம்பத்தூர் ஓடி பேருந்து நிலையத்தில்” என்றது குரல். நான் எழுதியிருந்தது “அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில்”. பழைய ஊர் என்ற பொருளில் ஓல்டு டவுன் என்றிருந்தது சுருங்கி ஓ.டி. ஆனது. இந்தப் பக்கத்து மனிதர்கள் யாரும் அதை ஓடி என்று சொல்லிக் கேட்டதில்லை. அன்று ஒன்பது நிமிடக் கட்டுரையில் டீச்சர் பதினாறு முறை நிறுத்தினார். அவற்றில் பதினான்கு இடங்கள் எண்களும் சுருக்கெழுத்துகளும்.

குரல் மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று குரல்களில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் தடுக்கியது. தடுக்காத குரல் ஒன்றும் இல்லை. குறை குரலில் இல்லை, நான் கொடுத்த எழுத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. கண்ணுக்காக எழுதிய பிரதியை அப்படியே காதுக்கு அனுப்பியிருந்தேன். அதன்பின் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக ஒரு கேட்புப் பிரதி தயாரிக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

இங்கே கேட்பவர்கள் யார்?

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைத்திறன் குறையுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான். காதால் படிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவசச் செயலி 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதனோடு சேர்ந்தே வரும் ஈஸ்பீக் என்ற குரலுக்குத் தமிழும் தெரியும். கேட்க இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் எந்தப் பழைய கணினியிலும் ஓடும்.

இயல்பான தமிழ்க் குரலுக்கான ஆராய்ச்சியும் நம் ஊரிலேயே நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையிலான குழு, நாட்டின் பல கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குக் குரல்களை உருவாக்கியது. இன்று கைபேசியிலேயே மனிதக் குரலுக்கு வெகு அருகில் வரும் தமிழ்க் குரல்கள் கிடைக்கின்றன. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் நின்றபடி போகிறவரும் இன்று கட்டுரையைக் காதில் கேட்கலாம். அவருக்கும் டீச்சருக்கும் ஒரு விஷயம் பொது. தவறாக விழுந்த சொல்லைத் திரும்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்ள இருவர் கையிலும் தாள் இல்லை.

ஒரே எழுத்து, இரண்டு ஒலி

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் மூன்று வேலைகளை வரிசையாகச் செய்கிறது. முதலில் எண், குறியீடு, சுருக்கம் எல்லாவற்றையும் சொற்களாக விரிக்கிறது. அடுத்து, சொற்களை ஒலிகளாக்குகிறது. கடைசியில் ஏற்ற இறக்கம் சேர்த்துக் குரலாக்குகிறது. கடைசி வேலையில்தான் சமீப ஆண்டுகளில் பெரும் முன்னேற்றம். நம்மைத் தடுக்கிவிடுவது முதல் இரண்டும்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். ஓ.டி. ஏன் ஓடி ஆனது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. தமிழில் வல்லின எழுத்து ஒவ்வொன்றும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். ‘டீக்கடை’ என்பதில் சொல்லின் முதலில் வரும் ட வன்மையாக ஒலிக்கிறது. ‘பாட்டி’ என்று இரட்டித்தாலும் வன்மைதான். ஆனால் ‘நாடி’ என்பதில் இரண்டு உயிர்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட ட மென்மையாகிறது. ‘வண்டி’யில் மெல்லினத்துக்குப் பின்னாலும் அப்படியே. நமக்கு இது பிறவியிலேயே தெரியும் என்பதால் கவனிப்பதில்லை. மென்பொருளுக்கு இதை விதியாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். விதி சரியானது. ஆனால் ஓ.டி. தமிழ்ச் சொல் அல்ல, இரண்டு ஆங்கில எழுத்துகளின் பெயர். புள்ளிகளைப் பொருட்படுத்தாமல் சேர்த்து வாசிக்கும் குரல், ட-வை இரண்டு உயிர்களுக்கு நடுவில் வைத்து மென்மையாக்கிவிடுகிறது. புள்ளியைப் பொருட்படுத்தும் குரலோ வேறு பிழை செய்யும். “அம்பத்தூர் ஓ” என்பதோடு வாக்கியம் முடிந்ததாக நினைத்து மூச்சு வாங்கும்.

தீர்வு சின்னது. கேட்புப் பிரதியில் புள்ளிகளை எடுத்துவிட்டு, நடுவே இடைவெளி விட்டு, நெடிலாக ‘ஓ டீ’ என்று எழுதினேன். இப்போது டீ தனிச்சொல்லின் முதல் எழுத்து. அதே விதி இப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்து வன்மையான ஒலியைத் தருகிறது. மெட்ராஸ் திருவள்ளூர் ஹை ரோடு என்பதன் சுருக்கமான எம்.டி.எச். ரோடும் இப்படித்தான். சேர்த்து ‘எம்டிஎச்’ என்று எழுதினால் மகர மெய்யின் பின்னால் வரும் ட மென்மையாகிவிடும் ஆபத்து உண்டு. ‘எம் டீ எச் ரோடு’ என்று பிரித்தால் ஊரார் சொல்வதுபோலவே விழுகிறது. திரு.வி.க. நகரும் அப்படியே. சேர்த்து எழுதினால் கடைசி க குழைந்துபோகும், பிரித்து எழுதினால் திடமாக நிற்கும்.

இனி இதன் மறுபக்கம். அம்பத்தூரிலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பேருந்தின் முகப்பில் `D70` என்று இருக்கும். தமிழில் ‘டி எழுபது’ என்று எழுதினேன். இங்கே நமக்கு வேண்டியது மென்மையான ஒலி. ஆனால் டி சொல்லின் முதலில் இருக்கிறது. பல குரல்கள் அதை வன்மையாகவே வாசிக்கின்றன. கேட்பவர் வேறொரு எழுத்தாக எடுத்துக்கொள்வார், நிறுத்தத்தில் தவறான பேருந்தைப் பற்றி விசாரிப்பார். ஓ.டி.யில் வன்மை வேண்டிய இடத்தில் மென்மை வந்தது, இங்கே மென்மை வேண்டிய இடத்தில் வன்மை வருகிறது. இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கும் தமிழில் ஒரே எழுத்துதான் என்பதே காரணம். ஓ.டி.க்கு இடைவெளி போதும். இதற்குத் தமிழ் எழுத்தில் வழியே இல்லை. எனவே கேட்புப் பிரதியில் அந்த ஓர் எழுத்தை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டு, எண்ணைத் தமிழில் எழுதுகிறேன்: `D எழுபது`. இப்போதைய பெரும்பாலான தமிழ்க் குரல்கள் தனியாக நிற்கும் ஆங்கில எழுத்தை அதன் பெயரால் சரியாகவே சொல்கின்றன.

ஒரு சொல்லை மென்பொருள் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று கேட்காமலேயே பார்க்கவும் வழி உண்டு. ஈஸ்பீக் நிறுவிய கணினியில் இந்த வரியைக் கொடுத்தால், ஒலிக் குறியீடுகளாக எழுதிக் காட்டும்.

```
espeak-ng -v ta -q --ipa "ஓடி"
espeak-ng -v ta -q --ipa "ஓ டீ"
```

இரண்டு வரிகளின் விடையையும் அருகருகே வைத்தால் ட-வின் குறியீட்டில் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு குரலுக்கு இப்படி. இன்னொரு குரல் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே கடைசித் தீர்ப்பு எப்போதும் காதுக்குத்தான்.

எண்ணும் வேற்றுமை ஏற்கும்

அடுத்து எண்கள். ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு ஆண்டு ஒரு பெரிய தலைவலி. 1955 என்பது ஆண்டானால் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து வாசிக்க வேண்டும், எண்ணிக்கையானால் ஆயிரம், நூறு என்று விரிக்க வேண்டும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ஆண்டானாலும் ஆட்களின் எண்ணிக்கையானாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்துதான்.

தமிழின் சிக்கல் எண்ணின் வாலில் இருக்கிறது. எண்ணுப்பெயரும் பெயர்ச்சொல்தான்; வேற்றுமை உருபு ஏற்கும், ஏற்கும்போது உரு மாறும். நாம் எழுதுவதோ இலக்கத்தின் பின்னால் ஒரு கோடு போட்டு, உருபைத் தனியாகத் தொங்கவிட்டு: 2019-ல், 60-வது, 1000-க்கும். கண் இதை ஒரே சொல்லாகச் சேர்த்துவிடுகிறது. மென்பொருள் இலக்கத்தைத் தனியாக விரித்து, வாலைத் தனியாக ஒட்டுகிறது. “இரண்டாயிரத்துப் பத்தொன்பது… ல்” என்று ஒரு வெட்டு விழுகிறது. “அறுபது… வது” என்கிறது. “ஆயிரம்க்கும் மேற்பட்டோர்” என்கிறது. கோட்டைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ளும் குரலும் உண்டு.

சரியான வடிவங்கள் நமக்குத் தெரிந்தவையே: பத்தொன்பதில், அறுபதாவது, ஆயிரத்துக்கும். இந்த மாற்றங்கள் எல்லா எண்ணுக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆயிரம் அத்துச்சாரியை பெற்று ஆயிரத்துக்கு ஆகிறது. நூறு ஒற்று இரட்டித்து நூற்றுக்கு ஆகிறது. ஐம்பது உகரம் மாறாமலே ஐம்பதுக்கு என்று நிற்கிறது. ‘1-ஆம் வகுப்பு’ ஒன்றாம் வகுப்பு, ஆனால் ‘1-ஆம் உலகப் போர்’ முதலாம் உலகப் போர். ‘1 கி.மீ.’ ஒரு கிலோமீட்டர், ஒன்று கிலோமீட்டர் இல்லை. அதே 1 ஏரிக்கு முன்னால் வந்தால் ஓர் ஏரி. இலக்கத்தை மட்டும் பார்த்து இவற்றில் எது என்று முடிவு செய்ய முடியாது; அடுத்த சொல்லையும் பொருளையும் பார்க்க வேண்டும். எழுதியவருக்கு அது தெரியும். அதனால்தான் இந்த வேலையை மென்பொருளின் ஊகத்துக்கு விடாமல், எழுதியவரே முடித்துவிடுவது நல்லது. எண்ணை எழுத்தால், உருபோடு சேர்த்து எழுதிவிட்டால் எந்தக் குரலும் பிழை செய்ய இடமில்லை.

ரூபாயில் இன்னொரு மாற்றம் இருக்கிறது. எழுத்தில் ‘ரூ.’ முன்னால் வருகிறது, பேச்சில் ரூபாய் பின்னால் போகிறது. ‘ரூ.1,25,000-க்கு’ என்பதை இலக்கத்தின் வரிசையிலேயே வாசித்தால் “ரூ”, ஒரு நிறுத்தம், பிறகு எண், பிறகு அநாதையாக ஒரு “க்கு”. சில குரல்கள் காற்புள்ளியில் தடுக்கி, ஒன்று, இருபத்தைந்து, பூஜ்யம் என்று மூன்று எண்களாகவே வாசிக்கின்றன. நாம் சொல்வது ‘ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு’. உருபு எண்ணை விட்டுவிட்டு ரூபாயின் மேல் ஏறிக்கொள்வதைக் கவனியுங்கள். வரிசை, உருபு இரண்டும் மாற வேண்டிய இடம் இது.

பிறகு புள்ளி. ஒரே புள்ளி எத்தனை வேலை பார்க்கிறது! கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான மெட்ரோ வழித்தடம் 26.1 கி.மீ. இங்கே அது தசமப் புள்ளி, ‘இருபத்தாறு புள்ளி ஒன்று கிலோமீட்டர்’. காலை 8.30 மணி என்றால் நேரம், ‘எட்டரை மணி’. 9.45 என்றால் ‘ஒன்பதே முக்கால்’. ரூ.8.50 என்றால் ‘எட்டு ரூபாய் ஐம்பது காசு’. 1.5 லட்சம் என்றால் ‘ஒன்றரை லட்சம்’. அரை, கால், முக்கால் என்று காதுக்கு இதமான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ‘ஒன்று புள்ளி ஐந்து லட்சம்’ என்று கேட்கும்போது பிழை என்று சொல்ல முடியாது; ஆனால் நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று காது சொல்லிவிடும். அதே நேரம், அளவு துல்லியமாக இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியை விட்டுவிடக் கூடாது. மெட்ரோவின் நீளத்தைச் சுமார் இருபத்தாறு கிலோமீட்டர் என்று சொல்லலாமா, கூடாதா என்பது கட்டுரையின் தேவையைப் பொறுத்தது. மென்பொருளால் அதைத் தீர்மானிக்க முடியாது.

இவை எல்லாம் அளவைச் சொல்லும் எண்கள். அடையாளத்தை மட்டும் சொல்லும் எண்களும் உண்டு. ஆவடியின் அஞ்சல் குறியீடு 600054. சில குரல்கள் இதை “ஆறு லட்சத்து ஐம்பத்து நான்கு” என்று வாசிக்கின்றன. கேட்டால் ஆவடியின் மக்கள்தொகையோ என்று தோன்றும். அஞ்சல் குறியீடும் தொலைபேசி எண்ணும் இலக்கம் இலக்கமாகத்தான் வாசிக்கப்பட வேண்டும், மூன்று மூன்றாகவோ இரண்டிரண்டாகவோ சிறு நிறுத்தத்தோடு. நெடுஞ்சாலை எண்ணும் பேருந்து எண்ணும் அடையாளங்கள்தான், ஆனாலும் அவற்றை முழு எண்ணாகச் சொல்வது வழக்கம். பூந்தமல்லி வழியாகப் பெங்களூருக்குப் போகும் என்.எச்.48-ஐ ‘நாலு எட்டு’ என்று யாரும் சொல்வதில்லை, நாற்பத்தெட்டு என்கிறோம். எதை எப்படி என்பதை ஊர் வழக்கம்தான் தீர்மானிக்கிறது.

ஒரு பத்தி, இரண்டு பிரதிகள்

இனி ஒரு பத்தியை எடுத்து முழுக்கச் செய்து பார்ப்போம். அச்சுக்கு நான் எழுதியது இது:

“1955 ஜனவரியில் காங்கிரஸின் 60-வது மாநாடு யு.என்.தேபர் தலைமையில் நடந்த ஊரும், எச்.வி.எஃப்., சி.வி.ஆர்.டி.இ. (போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம்) என 2 ராணுவ நிறுவனங்கள் அமைந்த ஊருமான ஆவடி (அஞ்சல் குறியீடு 600054), அருகிலுள்ள அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து 8 ஆண்டுகளுக்குப் பின், 2019-ல் தனி மாநகராட்சியானது.”

கண்ணுக்கு இந்த வாக்கியம் கொஞ்சம் நீளம், ஆனால் படித்துவிடலாம். காதுக்கு இது ஒரு மலை. எழுவாயான ஆவடி வருவதற்கு முன்பே மூன்று எண்கள், மூன்று சுருக்கங்கள், ஓர் அடைப்புக்குறி. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும் என்பதால், கேட்பவர் அத்தனையையும் மனத்தில் சுமந்துகொண்டு ‘ஆனது’ வரைக்கும் காத்திருக்க வேண்டும். அடைப்புக்குறியைக் காது கேட்காது. அதற்குள் இருப்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆகவே எண்களை விரிப்பதற்கு முன் வாக்கியத்தை உடைத்தேன். கேட்புப் பிரதி இப்படி ஆனது:

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஜனவரி மாதம். காங்கிரஸின் அறுபதாவது மாநாடு ஆவடியில் நடந்தது. தலைமை வகித்தவர் யு என் தேபர். இந்த ஊரில் ராணுவத்துக்கான இரண்டு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று, எச் வி எஃப் எனப்படும் கனரக வாகனத் தொழிற்சாலை. இன்னொன்று, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம். பக்கத்து ஊரான அம்பத்தூர், இரண்டாயிரத்துப் பதினொன்றில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், ஆவடி தனி மாநகராட்சி ஆனது. ஆவடியின் அஞ்சல் குறியீடு: ஆறு பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம் ஐந்து நான்கு.”

சி.வி.ஆர்.டி.இ.யை விட்டுவிட்டேன். அந்தச் சுருக்கம் ஒரே ஒருமுறைதான் வருகிறது, முழுப் பெயர் பக்கத்திலேயே இருக்கிறது, நடுவில் இருக்கும் டி-க்கு மென்மையான ஒலி வேண்டும். மூன்று காரணங்கள் போதும். எச்.வி.எஃப்.ஐ வைத்துக்கொண்டேன், ஏனென்றால் ஆவடிக்காரர்கள் சொல்வதே அந்தச் சுருக்கத்தைத்தான். முழுப் பெயர் சொன்னால் பலருக்கு ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். சுருக்கத்தை விரிப்பதா வைப்பதா என்பதற்கு என்னிடம் உள்ள விதி இவ்வளவே: ஊர் வாயில் எது இருக்கிறதோ அது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. தேபர் என்ற குஜராத்திப் பெயரின் முதல் எழுத்து மென்மையானது. கனரக என்பதன் முதல் க-வும் அப்படியே. இடைவெளி விட்டு இவற்றைச் சரிசெய்ய முடியாது. கனரகத்தைப் பல நல்ல குரல்கள் பழக்கத்தால் சரியாகச் சொல்கின்றன, தேபரில் தடுமாறுகின்றன. இதற்கென்று உள்ளது உச்சரிப்புக் குறிமொழி. எஸ்.எஸ்.எம்.எல். என்ற இந்தக் குறிமொழியை வலையுலகின் தர அமைப்பான டபிள்யூ3சி 2004-ல் தரமாக அறிவித்தது. கண்ணில் படும் எழுத்து ஒன்று, வாசிக்க வேண்டியது வேறொன்று என்று இதில் குறிக்கலாம். நிறுத்தத்தின் நீளத்தையும் சொல்லலாம்.

```
<speak>
அம்பத்தூர் <sub alias="ஓ டீ">ஓ.டி.</sub> பேருந்து நிலையம்.
<break time="600ms"/>
தலைமை வகித்தவர் யு என்
<phoneme alphabet="ipa" ph="ɖʱeːbər">தேபர்</phoneme>.
</speak>
```

முதல் குறி மாற்றுச் சொல், இரண்டாவது பத்திகளுக்கு இடையிலான நிறுத்தம், மூன்றாவது ஒலிக்குறியீட்டிலேயே உச்சரிப்பு. அச்சுப் பிரதியையும் கேட்புப் பிரதியையும் ஒரே கோப்பில் வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் எல்லாக் குரல்களும் எல்லாக் குறிகளையும் ஏற்பதில்லை. ஒலிக்குறியீட்டைத் தமிழில் மதிக்காமல் தாண்டிப் போகும் குரல்கள் உண்டு. எனவே எழுத்தை மாற்றியே தீர்க்க முடிந்ததை எழுத்தில் தீர்த்துவிட்டு, முடியாததற்கு மட்டும் குறியைப் பயன்படுத்துகிறேன். குரலை நாளைக்கு மாற்றினாலும் எழுத்தில் செய்த வேலை வீண் போகாது.

சொல்வதெழுதல்

பிழை இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்த முதல் தவறு, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. கண் முன்னால் 2019-ல் என்று இருந்தால், குரல் எப்படிக் குழறினாலும் காதுக்குப் பத்தொன்பதில் என்றே கேட்கும். கண் காதை ஏமாற்றிவிடுகிறது.

இப்போது இரண்டு படிகளாகச் செய்கிறேன். முதலில், கேட்புப் பிரதியில் எங்காவது இலக்கம் மிச்சம் இருக்கிறதா என்று கணினியிலேயே தேடுகிறேன்.

```
grep -n '[0-9]' ketpu.txt
```

குறிமொழியின் நேர அளவுகளைத் தவிர, விடையாக ஒரு வரியும் வரக்கூடாது. வந்தால், அது விரிக்காமல் விட்ட எண். இதே போல் சொல்லுக்கு நடுவில் வரும் புள்ளிகளையும் அடைப்புக்குறிகளையும் தேடிப் பார்க்கலாம்.

இரண்டாவது படியை டீச்சர் சொல்லிக்கொடுத்தார். முப்பது வருஷம் வகுப்பில் நடத்திய சொல்வதெழுதல்தான் அது. கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் பதிவை ஒரே ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். வருகிற எண்களையும் சுருக்கப் பெயர்களையும் மட்டும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதை அச்சுப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். எங்கே அவர் பேனா தயங்கியதோ, எங்கே வேறு எண் விழுந்ததோ, அங்கே கேட்புப் பிரதி தோற்றிருக்கிறது. கேட்டவர் மேல் குறையில்லை. நன்றாக இருந்தது, இயல்பாக இருந்தது என்ற அபிப்பிராயங்களை விட இந்தத் தாள் நேர்மையானது.

இந்தச் சோதனையில் எனக்குத் தெரியவந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா எண்ணையும் சரியாக விரித்த பிறகும், ஒரே வாக்கியத்தில் மூன்று எண்கள் வந்தால் மூன்றாவது தாளில் விழுவதில்லை. உச்சரிப்பு சரியாக இருந்தும் மனம் பிடித்து வைக்கவில்லை. அங்கே செய்ய வேண்டியது எண்களைக் குறைப்பது, அல்லது வாக்கியத்துக்கு ஒன்றாகப் பிரிப்பது. அட்டவணை இருக்கும் கட்டுரை என்றால், முழு அட்டவணையையும் வாசிக்காமல் அது சொல்லும் முடிவை ஒரு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். மேற்கோள் குறியும் காதுக்குத் தெரியாது. அடுத்தவர் பேச்சு வரும் முன்பே யார் சொல்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். ‘மேலே உள்ள படத்தில்’ போன்ற தொடர்கள் கேட்பவரை வெளியே நிறுத்துகின்றன. அவை போக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மென்பொருளால் முடியாதவை இருக்கின்றன. ஒரு மூதாட்டியின் பேச்சை மேற்கோள் காட்டினால் அது வட்டார வழக்கின் ராகத்தைப் பிடிப்பதில்லை. கேள்வியில் ஒளிந்திருக்கும் வருத்தம் அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட பகுதிகள் அதிகம் உள்ள கட்டுரையை ஒரு மனிதர் வாசிப்பதே சரி. தகவல் நிறைந்த, எண்கள் நிறைந்த கட்டுரைகளுக்குத்தான் இந்த வழி. நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கக் கட்டுரைக்குக் கேட்புப் பிரதி எழுத எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. குரலாக்கம் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

போன மாதம் அதே அம்பத்தூர்க் கட்டுரையை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் மேசையில் பிரெயில் ஸ்லேட்டை எடுத்து, தாளைச் செருகி, குத்தூசியைக் கையில் பிடித்துக்கொண்டு “போடு” என்றார். ஒன்பது நிமிடக் கட்டுரை பதினொரு நிமிடமாகியிருந்தது. இடையிடையே தாளில் டக் டக் என்று புள்ளிகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கையை ஒருமுறைகூட உயர்த்தவில்லை.

முடிந்ததும் தாளைத் திருப்பி, விரலால் தடவி எனக்கு வாசித்துக் காட்டினார். ஆண்டுகள் சரி. அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமும் சரி. பேருந்து எண்ணில் எழுபதுக்கு முன்னால் அந்த எழுத்தும் சரியாக இருந்தது. கடைசி வரியில் விரல் கொஞ்சம் நின்றது.

“அம்பத்தூர் ஓ.டி.,” என்று வாசித்தார். “பழைய ஊர். இப்போ இருக்கிற இடத்திலேயே இருக்கு தம்பி.”